அக்குள் சந்திப்பில் ஒரு விடுபட்ட தையல்: படத்தை மட்டும் வைத்து ஒரு சட்டையின் தரத்தை ஆராய்ந்த நிகழ்வு

பின்னணி

ஆடை வாங்கும் நிறுவனம் ஒன்றில், தொழிற்சாலைகளிலிருந்து வரும் இறுதித் தர அறிக்கைகளைப் படித்து, சரக்கை அனுப்பலாமா நிறுத்தலாமா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சட்டையைத் தொட்டுப் பார்ப்பவர் தொழிற்சாலையில் இருக்கும் ஆய்வாளர்; என் கைக்கு வருவதெல்லாம் அவர் எழுதிய எண்களும் எடுத்த படங்களும்தான். இந்த நிகழ்வில் அந்தப் படங்களுள் ஒன்று என்னை மூன்று இடங்களில் சந்தேகப்பட வைத்தது. அவற்றில் ஒன்று உண்மையாக இருந்தது, ஒன்று என் கண்ணின் பிழையாக முடிந்தது, மூன்றாவதைப் படத்தைக் கொண்டு தீர்க்கவே முடியாது என்பது பிறகுதான் புரிந்தது.

சரக்கு 1,800 ஆண்கள் முழுக்கைச் சட்டைகள். வெளிர் நீலப் பாப்ளின் துணி, முனைகளில் சிறு பட்டன் வைத்துப் பூட்டும் காலர், ஒரே நிறம், ஐந்து அளவுகள். பக்கத் தையலும் கையின் அடித்தையலும், அக்குளைக் கடந்து ஒரே ஓட்டமாக, ஃபீட் ஆஃப் ஆர்ம் மெஷினில், அடிப்பக்கம் நூல் சங்கிலியாகப் பின்னும் இரட்டை ஊசிச் செயின் தையலாகப் போடப்பட்டிருந்தன. முன் பட்டன் பட்டியும் காலரின் மேல்தையலும், மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் சாதாரண லாக் ஸ்டிச். ஐ.எஸ்.ஓ. 2859-1 மாதிரித் திட்டத்தின் பொது ஆய்வு நிலை இரண்டின்படி, 1,201 முதல் 3,200 வரையிலான லாட்டுக்கு 125 மாதிரிகள் எடுக்க வேண்டும். பெரிய குறைகளுக்கு நாங்கள் ஒப்புக்கொண்டிருந்த ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க தர வரம்பு, 2.5. அதன்படி 125-இல் ஏழு சட்டைகள் வரை பெரிய குறையோடு இருந்தால் லாட் தேறும். எட்டு என்றால் தேறாது. ஒரு சட்டையில் எத்தனை குறை இருந்தாலும், அவற்றுள் பெரியதை வைத்து அது ஒரு குறைச் சட்டையாகவே எண்ணப்படும் என்பது எங்கள் நடைமுறை.

அறிக்கையில் ஆய்வாளர் ஆறு பெரிய குறைகளை எழுதி, லாட் தேறியதாகக் குறித்திருந்தார். இரண்டு எண்ணெய்க் கறை, ஒரு பட்டன் தொங்கல், ஒரு லேபிள் மாறாட்டம், இரண்டு இடங்களில் தையல் அறுந்தது என்று அந்த ஆறும் தெளிவாகவே இருந்தன. சிறு குறைகளின் பட்டியலில், "முன் பட்டியில் லேசான சுருக்கம்" என்று ஒரு வரியும், அதற்கான படமாக மேசையில் விரித்த ஒரு சட்டையின் முழு முன்பக்கமும் இருந்தன. ஆறுக்கும் எட்டுக்கும் இடையே அதிக தூரமில்லை என்பதால், அந்தப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முதல் படத்தில் தென்பட்டவை

இடப்பக்கப் பக்கத் தையல் அக்குளில் கைத்துளைத் தையலைக் கடக்கும் இடத்தில், மேலே தெரியும் இரண்டு வரிகளில் ஒன்றில் ஓர் இடைவெளி இருப்பது போல் பட்டது. அதற்குச் சுமார் ஆறு சென்டிமீட்டர் கீழே இன்னொரு இடைவெளியும் தெரிந்தது. முன் பட்டியில், ஆய்வாளர் "லேசான" என்று எழுதியிருந்த சுருக்கம், எனக்கு அவ்வளவு லேசாகத் தெரியவில்லை. காலரில் வலது முனையின் மேல்தையல் விளிம்புக்கு மிக அருகில் போயிருந்தது. இடது முனையில் விளிம்பிலிருந்து தையல் வரை 12 படப்புள்ளிகள், வலது முனையில் 9. அளவுத் தாளில் இந்த ஓரத்துக்கு 6 மில்லிமீட்டர், கூடக் குறைய 1 மில்லிமீட்டர் வரை அனுமதி என்று இருந்தது.

இந்த மூன்றையும் பெரிய குறை என்று எழுதி லாட்டை நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. எழுதுவதற்கு முன் படத்தின் அளவைப் பார்த்தேன். அதுதான் என்னைத் தடுத்தது. செய்தி அனுப்பும் செயலி வழியாக வந்த அந்தப் படம் 1,600 புள்ளி நீளத்துக்குச் சுருக்கப்பட்டிருந்தது. சட்டையும் சுற்றியுள்ள மேசையும் சேர்த்து அந்த நீளத்தில் 80 சென்டிமீட்டர் அடங்கியிருந்தது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டே புள்ளிகள். அங்குலத்துக்கு 12 தையல் என்ற கணக்கில் ஒரு தையலின் நீளம் சுமார் 2.1 மில்லிமீட்டர், படத்தில் அது நான்கு புள்ளி. கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் வராத நூல் அரைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். துணியின் நிறத்திலேயே நூலும் இருக்கும்போது அந்த அரைப் புள்ளி எதைக் காட்டும் என்பது யாருக்கும் தெரியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வகைப் படங்கள் ஜேபெக் முறையில் சுருக்கப்படும்போது, எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நுண்ணிய விவரம் குறைக்கப்படுகிறது. இந்தப் படத்தில் எட்டுப் புள்ளி என்பது 4 மில்லிமீட்டர். ஒரு தையல் விடுபட்டால் உண்டாகும் இடைவெளியும் இரண்டு தையல் நீளம், அதாவது 4.2 மில்லிமீட்டர். நான் பார்த்த இடைவெளி தையல் விடுபட்டதால் வந்ததா, ஒரு கட்டத்துக்குள் இருந்த தையலின் சாயல் சுருக்கத்தில் மங்கியதால் வந்ததா என்று அந்தப் படத்தைக் கொண்டு பிரித்துச் சொல்ல வழியில்லை.

எடுத்த முடிவு

ஆகவே லாட்டைத் தேற்றவோ நிறுத்தவோ செய்யாமல், அந்தச் சட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்து மீண்டும் படம் எடுத்து அனுப்பும்படி ஆய்வாளரைக் கேட்டேன். எதை எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினேன். சந்தேகமான ஒவ்வோர் இடத்துக்கும், படத்தின் அகலம் 10 சென்டிமீட்டருக்கு மிகாதபடி ஒரு கிட்டப்படம். தையலை ஒட்டி, அதே தளத்தில், ஓர் எஃகு ஸ்கேல். கேமரா துணிக்கு நேர் மேலே. கோப்பைப் படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புதல். அக்குள் பகுதியை வெளிப்பக்கம் ஒருமுறை, சட்டையை உள்வெளியாகத் திருப்பி ஒருமுறை. முன் பட்டியை மேலிருந்து பரவலான வெளிச்சத்தில் ஒன்று, ஒரு விளக்கை மேசையிலிருந்து 15 பாகை அளவில் தாழ்த்தி வைத்து ஒன்று, அதே விளக்கை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி ஒன்று.

ஆய்வாளர் இதைக் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் ஏற்றார். சட்டையைக் கையில் வைத்துப் பார்த்தவர் அவர்; தொலைவில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கி அவரைக் கேள்வி கேட்டவன் நான். அவர் தொலைபேசியில் கேட்டது நியாயமான கேள்வி: "அக்குள்ள விடுபட்டிருந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா சார்?" அப்போது எனக்குப் பதில் இல்லை. பதில் உள்வெளிப் படத்தில் இருந்தது.

அக்குள் சந்திப்பு

மறுநாள் வந்த கிட்டப்படங்கள் 4,000 புள்ளி அகலம் கொண்டவை. ஒரு மில்லிமீட்டருக்கு 40 புள்ளி. ஒரு தையல் 84 புள்ளி நீளத்தில், நூலின் முறுக்குகூடத் தெரியும்படி இருந்தது.

சந்திப்பில் இருந்த இடைவெளியை ஸ்கேலோடு ஒப்பிட்டு அளந்தேன். அதற்கு முன்னும் பின்னும் உள்ள தையல்கள் 2.1 மில்லிமீட்டர், இது 4.2. சரியாக இரண்டு மடங்கு என்பதே வலுவான அடையாளம், ஏனெனில் துணி சரியாக நகராமல் ஒரு தையல் நீண்டிருந்தால் அது 2.6 அல்லது 3 என்று ஏதோ ஓர் அளவில் நிற்கும். முழு மடங்கில் வந்து நிற்பது அரிது. ஆனால் அளவை மட்டும் நம்பாமல் நான் தேடியது அந்த நீண்ட நூலுக்கு அடியில் உள்ள துளையை. தையல் விடுபடும்போது ஊசி துணியைத் துளைத்துத்தான் செல்கிறது; கீழே அது உண்டாக்கும் நூல் வளையத்தை, அடிநூலைக் கொண்டுவரும் கொக்கியான லூப்பர் பிடிக்கத் தவறுகிறது, அவ்வளவே. அதனால் துளை அங்கேயே இருக்கும், நூல் அதன் மேல் பாலம் போல் கடந்து போகும். அந்தப் படத்தில் நீண்ட நூலின் நடுவில், அதன் நிழலுக்குள், ஊசி முனை பாவு இழைகளை ஒதுக்கிய சிறு பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. நீண்ட தையலின் அடியில் துளை இல்லாமல் இருந்திருந்தால், பிழை துணி நகர்வில் இருக்கிறது என்று எழுதியிருப்பேன்.

உள்வெளிப் படத்தில், அதே இடத்தில் லூப்பர் நூலின் சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்திருந்தது. ஆய்வாளரின் கேள்விக்கு இதுவே விடை. செயின் தையலில் வெளிப்பக்கம் பார்ப்பதற்கு லாக் ஸ்டிச்சைப் போலவே நேர்க்கோடாக இருக்கும். விடுபட்டது மேலிருந்து நீண்ட ஒரு தையலாக மட்டுமே தெரியும். அக்குளில் பல அடுக்குத் துணி ஒன்றன்மேல் ஒன்று மடிந்து கிடக்க, அயர்ன் போட்டு மடித்த சட்டையில் அந்த இடம் கைக்கு அடியில் மறைந்தும் போகிறது. அவர் எல்லாச் சட்டையையும் வெளிப்பக்கம்தான் பார்த்திருந்தார். அவரது செக்கிங் வரிசைத் தாளிலும் அப்படித்தான் இருந்தது.

ஆறு சென்டிமீட்டர் கீழே எனக்குத் தெரிந்த இரண்டாவது இடைவெளி தையல் விடுபட்டதே இல்லை. கிட்டப்படத்தில் அங்கே தையல்கள் 2.1 மில்லிமீட்டரில் ஒழுங்காக இருந்தன; மடிப்பின் ஓரத்தில் நூல் துணிக்குள் சற்று அமிழ்ந்து, முதல் படத்தில் துணியோடு கலந்துவிட்டிருந்தது. ஒரே படத்தில், ஒரே தோற்றத்தில் இருந்த இரண்டு இடைவெளிகளில் ஒன்று மெய், ஒன்று பொய். முதல் படத்தை வைத்து நான் எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருப்பேன்.

விடுபட்ட தையலைப் பெரிய குறையாக வகைப்படுத்தினேன். லாக் ஸ்டிச்சில் ஒன்று விடுபட்டால் பெரும்பாலும் அந்த இடம் பலவீனமாவதோடு நிற்கும். செயின் தையலில் கண்ணி அறுந்த இடத்திலிருந்து நூலை இழுத்தால் வரி பிரிந்து ஓடக்கூடும். அருகிலேயே இரண்டாவது ஊசியின் வரி இருப்பதால் உடனே கிழியாது என்பது உண்மை. ஆனால் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் இழுபடும் இடம் அது.

காலர்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் இங்கே குறை சட்டையில் இல்லை. கிட்டப்படத்தில் இடது முனை 6 மில்லிமீட்டர், வலது முனை 5.5. இரண்டும் அனுமதிக்குள்.

முதல் படம் ஏன் 9 புள்ளி காட்டியது என்பதற்கு விடை அந்தப் படத்திலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. காலர் முனையைப் பூட்டும் சிறு பட்டன் 14 லைன் அளவு. 40 லைன் ஓர் அங்குலம் என்பதால் அதன் விட்டம் 8.9 மில்லிமீட்டர், அந்தப் படத்தில் அது எந்தப் பக்கம் அளந்தாலும் 18 புள்ளி வர வேண்டும். இடது முனையின் பட்டன் அப்படியே வட்டமாக இருந்தது. வலது முனையின் பட்டன் ஒரு பக்கம் 18, குறுக்கே 14 என்று நீள்வட்டமாக இருந்தது. வலது காலர் முனை மேசையிலிருந்து தூக்கி நின்று, கேமராவுக்குச் சாய்ந்து தெரிந்திருக்கிறது. 14-ஐ 18-ஆல் வகுத்தால் 0.78, 5.5 மில்லிமீட்டர் ஓரம் அந்தச் சாய்வில் 4.3 மில்லிமீட்டராக, அதாவது சுமார் 9 புள்ளியாகத் தெரியும். நான் எண்ணியதும் ஒன்பதுதான். வட்டமாக இருக்க வேண்டிய பொருள் ஒன்று ஒவ்வொரு சட்டையிலும் பல இடங்களில் தைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேல் இல்லாத படத்தில், தையல் ஓரத்தை அளக்கும் முன் அருகிலுள்ள பட்டனைப் பார்க்கலாம். அது வட்டமாக இல்லையென்றால் அந்த இடத்தில் அளப்பதில் பயனில்லை.

முன் பட்டியின் சுருக்கம்

மூன்று வெளிச்சத்தில் எடுத்த மூன்று படங்களும் மூன்று வெவ்வேறு சட்டைகள் போல் இருந்தன. மேலிருந்து பரவலான வெளிச்சத்தில் பட்டி ஏறக்குறையச் சமதளமாகத் தெரிந்தது. விளக்கைத் தாழ்த்தியதும், தையலுக்குக் குறுக்கே சிறு சிறு அலைகள் வரிசையாக எழுந்தன. எதிர்ப்பக்கத்து விளக்கில் அவையே இன்னும் கூர்மையாகத் தெரிந்தன. தாழ்ந்த வெளிச்சம் அலையின் உயரத்தைக் காட்டுவதில்லை. நிழலின் நீளத்தைக் காட்டுகிறது. அதனால் அது சுருக்கம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. தையல் சுருக்கத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் கொடுக்கும் ஏ.ஏ.டி.சி.சி. 88பி முறையில், துவைத்து உலர்த்திய மாதிரியை, நிர்ணயித்த விளக்கமைப்பில், ஒப்பீட்டு மாதிரிகளோடு வைத்து நேரில் பார்த்துத்தான் தரம் கொடுக்கிறார்கள். கைபேசிப் படத்தைப் பார்த்து "மூன்று" என்றோ "நான்கு" என்றோ எழுதுவதற்கு அந்த முறையில் இடமில்லை.

முதல் படத்தில் அது எனக்குப் பெரிதாகத் தெரிந்ததன் காரணம், சட்டை ஒரு சன்னலின் பக்கத்தில் விரிக்கப்பட்டிருந்ததுதான். ஆய்வாளர் மேசை விளக்கின் கீழ் பார்த்து "லேசான" என்று எழுதினார். கேமரா சன்னல் வெளிச்சத்தில் வேறொன்றைப் பார்த்தது.

ஆனாலும் சுருக்கம் இருந்தது. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் விட எனக்கு மனமில்லை. அதற்குப் படம் வேண்டாம், கத்தரி போதும். தொழிற்சாலையின் தரப் பொறுப்பாளரிடம் இரண்டு சோதனைகளைக் கேட்டேன். முதலாவது, பட்டித் தையலின் நூலை 10 சென்டிமீட்டர் நீளத்தில் சில தையல்களுக்கு ஒருமுறை வெட்டிவிட்டு, துணி தானே தளர்கிறதா என்று பார்ப்பது. தளர்ந்தால் நூல் அதிக டென்ஷனில் இழுபட்டுத் தைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, பட்டியில் 20 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு அடுக்கிலும் ஒரே இடத்தில் குறியிட்டு, தையலைப் பிரித்து, இரண்டு அடுக்கின் நீளத்தையும் தனித்தனியே அளப்பது. ஒன்று நீளமாக இருந்தால், மேல் துணியும் கீழ் துணியும் சமமாக நகரவில்லை. இரண்டிலும் பதில் வராமல், நூலை எடுத்த பிறகும் அலை நின்றால், நெருக்கமாக நெய்த துணிக்குள் நூல் இடம் பிடித்து இழைகளைத் தள்ளியிருக்கிறது என்று கொள்ளலாம். பாப்ளினில், அதுவும் பாவு நெடுகப் போகும் தையலில், அப்படி நடப்பது வழக்கம்.

இரண்டு அடுக்கும் சம நீளமாகவே இருந்தன. நூலை வெட்டியபோது அலைகளில் பெரும்பகுதி அடங்கியது, முழுவதும் அடங்கவில்லை. ஆகப் பெரும் காரணம் நூலின் டென்ஷன், மீதிக்குத் துணியே காரணம் என்று குறித்துக்கொண்டோம்.

மீள் ஆய்வும் விளைவும்

விடுபட்ட தையலோடு அந்தச் சட்டை பெரிய குறைக்குப் போனதால் எண்ணிக்கை ஏழு ஆனது. எண்ணின்படி லாட் இன்னும் தேறியே இருந்தது. அதை அங்கேயே விட்டிருக்கலாம். தொழிற்சாலையின் விருப்பமும் அதுவே. ஆனால் எண்ணெய்க் கறை ஒரு சட்டையில் விழும், அடுத்ததில் விழாது. தடித்த சந்திப்பில் லூப்பர் தவறுவது மெஷினின் குணம், அது அடுத்த சட்டையிலும் தவறும். 125 மாதிரியும் அந்த இடத்தை உள்ளே திருப்பிப் பார்க்கப்படவில்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அதனால் அந்த 125 சட்டைகளையும் மீண்டும் எடுத்து, இரு அக்குள்களையும் மட்டும் உள்வெளியாகப் பார்க்கச் சொன்னேன். முழு ஆய்வை மறுபடி கேட்டிருந்தால் ஒரு நாள் போயிருக்கும். இது இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

மேலும் ஒன்பது சட்டைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று முன்பே கறைக்காக எண்ணப்பட்டது. ஆக மொத்தம் 15 சட்டைகள், லாட் தேறவில்லை.

பத்துச் சட்டையும் 40, 42 ஆகிய இரண்டே அளவுகளில் இருந்தன. அந்த இரண்டு அளவுகளையும் ஒரே ஃபீட் ஆஃப் ஆர்ம் மெஷின் தைத்திருந்தது, மற்றவை பக்கத்து மெஷினில் போயிருந்தன. அந்த மெஷினில் வெட்டுத் துண்டுகளைக் கொண்டு 20 சந்திப்புகளைத் தைத்துப் பார்த்ததில் மூன்றில் தையல் விடுபட்டது. ஊசிகளைக் கழற்றிச் சமதளக் கண்ணாடியில் உருட்டியபோது ஒன்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்திருந்தது. புது ஊசியில் 20-க்கு ஒன்று. பிறகு மெக்கானிக் லூப்பருக்கும் ஊசிக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்து, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிய பின், 20-லும் ஒன்றும் விடுபடவில்லை. தடித்த மேட்டில் ஃபுட் ஏறி நிற்கும்போது, ஊசி மேலே வரும் வேகத்தில் துணியும் அதோடு எழும்பிவிட்டால், நூல் வளையம் உண்டாக நேரமிருக்காது; வளைந்த ஊசி அதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. இரண்டு காரணமும் ஒரே இடத்தில் சந்தித்திருந்தன.

இரண்டு அளவுகளிலும் இருந்த 760 சட்டைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே திருப்பிப் பார்த்தார்கள். 131 சட்டைகளில் விடுபட்ட தையல் இருந்தது. விடுபட்ட இடத்துக்கு இரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் வரை பழைய வரியின் மேலேயே மறுபடி தைத்து, நூல் முனைகளைப் பூட்டி 122 சட்டைகள் சரிசெய்யப்பட்டன. மறுபடி குத்தியதில் துணி கிழிசல் கண்ட ஒன்பது சட்டைகள் ஒதுக்கப்பட்டன. அதன் பிறகு அதே திட்டத்தில் புதிதாக எடுத்த 125 மாதிரிகளில் நான்கு பெரிய குறைகள் இருந்தன. நான்கும் அக்குளில் இல்லை. லாட் அனுப்பப்பட்டது, ஆறு நாள் தாமதமாக.

சுருக்கத்துக்கு நாங்கள் எடுத்த வழி வேறு. ஒப்புதல் கொடுத்து முத்திரையிட்ட மாதிரிச் சட்டையையும் லாட்டிலிருந்து மூன்று சட்டைகளையும் ஒன்றாகத் துவைத்து, அயர்ன் போடாமல் உலர்த்தி, ஒரே விளக்கின் கீழ் அருகருகே தொங்கவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அயர்னின் நீராவி சுருக்கத்தைத் தற்காலிகமாக மறைத்துவிடும். பெட்டிக்குப் போகும் சட்டையை அயர்ன் மேசையிலிருந்து எடுத்து ஆராய்வதில் உள்ள கோளாறே அது. இரண்டு சட்டைகள் மாதிரிக்கு நிகராக இருந்தன. மூன்றாவதில் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதை ஆய்வாளர் எழுதியபடியே சிறு குறையாக விட்டேன். பட்டி தைக்கும் மெஷினின் நூல் டென்ஷனை அடுத்த உற்பத்திக்குக் குறைத்து அமைக்கும்படி குறிப்பு மட்டும் போனது.

இப்போது மாற்றியிருப்பவை

முழுச் சட்டைப் படம் இன்னும் அறிக்கையில் இருக்கிறது. ஆனால் குறை எந்த இடத்தில் என்று காட்டுவதற்கு மட்டும். அதை வைத்துத் தையலைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை. தையல் பற்றிய ஒவ்வொரு வரிக்கும் ஸ்கேலோடு கூடிய கிட்டப்படம் கட்டாயம். செயின் தையல் என்றால் உள்பக்கப் படமும் சேர்த்து. படத்தின் கீழே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். ஆய்வாளரின் செக்கிங் வரிசைத் தாளில், இறுதி ஆய்வுக்கு எடுக்கும் சட்டைகளின் அக்குளை உள்வெளியாகத் திருப்பிப் பார்க்கும் வரி ஒன்று சேர்க்கப்பட்டது. அந்த வரியைக் கேட்டு எழுதியவர் ஆய்வாளரே.

நான் செய்ய வேண்டியதில் ஒன்றைச் செய்யவில்லை. முதல் படத்தைப் பார்த்தவுடன், மீள்படம் கேட்பதற்கு முன்பே, ஆய்வாளரிடம் அந்தச் சட்டையை உள்ளே திருப்பி விரலால் தடவிப் பாருங்கள் என்று ஒரு தொலைபேசியில் சொல்லியிருந்தால், ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். லூப்பர் சங்கிலியில் விட்டுப்போன கண்ணி கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும். படத்தில் தொடங்கியதைப் படத்திலேயே முடிக்க வேண்டும் என்று நானே எனக்கு விதித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆர்டரின் அறிக்கை போன வாரம் வந்தது. அக்குள் சந்திப்புக்கு எட்டுக் கிட்டப்படங்கள், எட்டும் உள்பக்கம், ஒவ்வொன்றிலும் ஸ்கேல் துணியை ஒட்டியே. காலர் படத்தில் இரு முனைகளும் அழுத்தி வைக்கப்பட்டு, பட்டன்கள் வட்டமாகத் தெரிந்தன. சுருக்கத்துக்கான பத்தியில் படம் இல்லை. "துவைத்த இரண்டு சட்டைகள் பார்சலில் அனுப்பப்பட்டுள்ளன" என்று மட்டும் இருந்தது.